சொன்ன பிறகு

இரவு பதினோரு மணி. பிள்ளை தூங்கியாயிற்று. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்த மனைவி, கணவன் எதிரே உட்கார்ந்து சொல்கிறாள்: "ஆபீஸ்ல கூட வேலை பாக்கிற ஒருத்தர் மேல மனசு போகுதுங்க. எதுவும் நடக்கல. உங்ககிட்ட மறைக்கத்தான் பிடிக்கல."

கணவன், மனைவி இருவரில் யார் சொன்னாலும் கேட்பவருக்கு நெஞ்சு படபடக்கும். சொன்னவரின் போனை நோக்கிக் கை நீளும். 'நாளைக்கே வேலையை விடு' என்று வாய் துடிக்கும். அப்படிச் செய்தால், சொன்னதே தப்பு என்ற பாடம் மட்டுமே மிஞ்சும். அடுத்த முறை அந்த வாய் திறக்காது.

மறைப்பு ஈர்ப்புக்கு என்ன செய்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் சகாக்களும் 1994-இல் ஒரு சோதனையில் காட்டினார்கள். முன்பின் அறியாத ஆண்களும் பெண்களும் நான்கு பேராக உட்கார்ந்து சீட்டாடினார்கள். சில ஜோடிகளிடம் மட்டும், எதிரே இருப்பவர்களுக்குத் தெரியாமல் மேசைக்கடியில் பாதங்களை உரசிக்கொண்டே ஆடச் சொன்னார்கள். ஆட்டம் முடிந்தபோது, எல்லோருக்கும் தெரிந்தே உரசிய ஜோடிகளைவிட ஒளித்து உரசியவர்களுக்குத்தான் ஒருவர்மேல் ஒருவருக்கு அதிக ஈர்ப்பு இருந்தது. வெளியே சொல்லும்போது அந்த ரகசியத்தின் கிளுகிளுப்பு போய்விடுகிறது. ஈர்ப்பு உடனே போய்விடாது. ஆனால் அதற்குக் கிடைத்துவந்த தீனி குறைகிறது.

படபடப்போடு பேசினால் பேச்சு சண்டையில்தான் முடியும். இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் எதிராளி சொல்வது காதில் ஏறாது, குறைந்தது 20 நிமிடம் விலகியிருங்கள் என்கிறார் தம்பதிகளை நெடுங்காலம் ஆராய்ந்த ஜான் காட்மன். "இப்ப பேச முடியல, நாளைக்குப் பேசலாம்" என்று அந்தக் கணவன் சொல்வது கோழைத்தனம் இல்லை.

மறுநாள் கேள்விகளில் கவனம் வேண்டும். 'அவன் என்னைவிட அழகா?' என்று கேட்டால் எந்தப் பதிலும் ஆறாத புண்ணாகிவிடும். 'நம்ம வீட்டு விஷயத்தை அவர்கிட்ட பேசுறியா?' என்பதுதான் கேட்க வேண்டியது. துணையைப் பற்றிய குறையை வெளி ஆளிடம் சொல்லும்போது அங்கே ஜன்னல் திறக்கிறது, வீட்டுக்குள் சுவர் எழும்புகிறது என்று ஷெர்லி கிளாஸ் 2003-இல் வந்த தன் நூலில் விளக்கினார்.

வேலி எது என்பதை மனைவியே சொல்வது நல்லது. அவருடன் தனியாகச் சாப்பிடப் போகமாட்டாள், இரவில் வாட்ஸப் கிடையாது, வீட்டுக் கதை பேசமாட்டாள். கணவன் தினமும் துருவாமல் இரண்டு வாரம் கழித்துக் கேட்கலாம். அடிக்கடி அடிபட்ட பெயர் திடீரென அவள் பேச்சில் வராமல் போனாலோ, செய்திகள் அழிக்கப்பட்டாலோ, ரகசியம் திரும்பிவிட்டதென்று பொருள். அப்போது ஆலோசகரிடம் போவது நல்லது. துணை கைநீட்டும் ஆளாக இருந்தால் முதலில் சொல்ல வேண்டியதே ஆலோசகரிடம்தான்.

இரண்டு வாரம் கழித்து அவன் கேட்கிறான். "போன வாரம் அவர் லீவு. வெறிச்சுன்னு இருந்துச்சு" என்கிறாள். அவனுக்கு வலிக்கிறது. "சரி, இன்னும் சொல்லு" என்கிறான்.