தாளில் பழகு கணக்கு – 7: நழுவும் வரிசைகள்

ஆந்திராவில் குரூப்-2 பணிகளுக்கான கணினித் திறன் தேர்வில் எக்செலும் ஒரு பகுதி. அதற்குத் தயாராகும் சித்தூர், திருப்பதிப் பிள்ளைகளுக்கு மாங்காய்க் கணக்கை விடப் பொருத்தமான பயிற்சி இல்லை. 2025-இல் தோத்தாபுரிக்குக் கிலோ 12 ரூபாய் என்று ஆந்திர அரசு நிர்ணயித்தது. அதில் 8 ரூபாய் கூழ் ஆலைகள் தர வேண்டும், 4 ரூபாய் அரசு தரும் என்பது அந்த ஆண்டின் ஏற்பாடு. நம்ம கிருஷ்ணகிரிப் பக்கம் பெங்களூரா என்பார்களே, அதே காய்தான்.

தாளின் இரண்டாம் வரிசையிலிருந்து A, B, C பத்திகளில் மண்டி, ரகம், கிலோ என்று இப்படி இருக்கட்டும். இந்த எடைகளும், கீழே வரும் மற்ற இரண்டு ரகங்களின் விலைகளும் பயிற்சிக்காக வைத்தவை.

```
2  பங்காருபாளையம்  தோத்தாபுரி     500
3  தாமலச்செருவு    பங்கனப்பள்ளி   200
4  பங்காருபாளையம்  நீலம்          300
5  தாமலச்செருவு    தோத்தாபுரி     400
6  பங்காருபாளையம்  தோத்தாபுரி     600
```

விலைப்பட்டியல் G2:H4-இல் இருக்கிறது: தோத்தாபுரிக்கு ஆலையின் பங்கான 8, பங்கனப்பள்ளி 30, நீலம் 15. D2-இல் ஒருவர் இப்படி எழுதிக் கீழே இழுக்கிறார்.

```
=VLOOKUP(B2,G2:H4,2,FALSE)
```

இரண்டு முதல் நான்காம் வரிசை வரை சரியான விலை வருகிறது. ஐந்தாம் வரிசையிலிருந்து `#N/A`. கீழே இழுக்க இழுக்க, B2 மட்டுமல்ல, பட்டியலின் எல்லையும் ஒவ்வொரு வரிசையாக இறங்கிவிட்டது. மூன்றாம் வரிசையில் அது G3:H5, நான்காம் வரிசையில் G4:H6. பட்டியலும் தாளும் ஒரே வரிசையில் ரகங்களை வைத்திருந்ததால்தான் முதல் மூன்றும் தப்பின. ஐந்தாம் வரிசையிலிருந்து தேடும் இடம் வெறுமையாகிவிட்டது. எல்லைக்கு டாலர் குறி போட்டால் அது அசையாது. எல்லையைத் தேர்வு செய்து F4 அழுத்தினால் குறி தானே விழும்.

```
=VLOOKUP(B2,$G$2:$H$4,2,FALSE)
```

B2-க்கு டாலர் போடக்கூடாது. அது இறங்கத்தான் வேண்டும்.

VLOOKUP-ஆவது பிழையைக் காட்டிக் கொடுக்கிறது. மண்டிவாரியாகக் கூட்டும் SUMIF அப்படியில்லை, அதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். J2-இல் தாமலச்செருவு, J3-இல் பங்காருபாளையம் என்று வைத்து, K2-இல் எழுதிக் கீழே இழுத்தால்:

```
=SUMIF(A2:A6,J2,C2:C6)
```

தாமலச்செருவுக்கு 600 கிலோ, சரி. பங்காருபாளையத்துக்கு 900 வருகிறது, உண்மையில் 1400. எல்லை A3-இலிருந்து தொடங்கிவிட்டதால் இரண்டாம் வரிசையின் 500 கிலோ விட்டுப்போயிற்று. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. K2, K3 இரண்டையும் கூட்டி `=SUM(C2:C6)` தரும் 2000-த்தோடு ஒப்பிட்டால் மட்டுமே குறை தெரியும். தேர்வில் தாளை முடிக்குமுன் இந்த ஒரு சரிபார்ப்பைச் செய்யுங்கள்.

அரசின் 4 ரூபாய் தோத்தாபுரிக்கு மட்டும்தான். ஆகவே மண்டி, ரகம் என்று இரண்டு நிபந்தனைகள் வேண்டும்:

```
=SUMIFS($C$2:$C$6,$A$2:$A$6,J2,$B$2:$B$6,$G$2)*4
```

SUMIF-இல் கடைசியில் நின்ற எடைப் பத்தி இங்கே முதலில் வருகிறது என்பதைக் கவனியுங்கள். பலர் தடுமாறுவது இங்கேதான். தாமலச்செருவுக்கு 1600 ரூபாய், பங்காருபாளையத்துக்கு 4400 ரூபாய் என்று விடை வர வேண்டும்.