33-ம் நம்பர் வந்தால் 1-ம் நம்பருக்கு வருகையா?



சி மொழியில் `<<` என்று ஒரு குறி இருக்கிறது. ஒரு எண்ணின் பிட்டுகளை இடப்பக்கம் தள்ளிவிடும். 1-ஐ மூன்று இடம் தள்ளினால் 1000, அதாவது 8. இது எல்லோருக்கும் தெரியும். 32 இடம் தள்ளினால் என்ன ஆகும்? அதைத்தான் சொல்லப் போகிறேன்.

40 பேர் உள்ள ஒரு வகுப்புக்கு வருகைப் பதிவு புரோகிராம் எழுதுகிறோம் என்று வையுங்கள். ஒரு மாணவருக்கு ஒரு பிட். வந்தால் 1, வராவிட்டால் 0.

```
unsigned int varugai = 0;
int n;
scanf("%d", &n);
varugai |= 1u << (n - 1);
```

32-ம் நம்பர் வரை எந்தப் பிரச்சினையும் இல்லை. 33 என்று கொடுத்தால் 32 இடம் தள்ள வேண்டும். ஆனால் நம்ம கம்ப்யூட்டரில் `unsigned int`-க்கு மொத்தமே 32 பிட்தான். பிட் வெளியே விழுந்து 0 வரும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நான் இன்டெல் பிராசசரில், ஜிசிசி கம்பைலரில் ஓட்டிப் பார்த்தேன். வந்தது 1! அதாவது 33-ம் நம்பர் வந்ததற்கு 1-ம் நம்பருக்கு வருகை விழுந்துவிட்டது. 40-ம் நம்பருக்கு 8-ம் நம்பர். (லீவு போட்டவனுக்குக் கொண்டாட்டம்தான்!)

காரணம் இதுதான். எத்தனை இடம் தள்ளுவது என்ற எண்ணில் கடைசி 5 பிட்டை மட்டும்தான் இன்டெல் பிராசசர் பார்க்கும். 32 என்பது 100000. கடைசி ஐந்தும் பூஜ்யம், அதனால் தள்ளவே இல்லை. 39 என்பது 32 + 7, அதனால் 7 இடம். பழைய 32 பிட் ஏஆர்எம் பிராசசர் அப்படி இல்லை. அது கடைசி 8 பிட்டைப் பார்க்கும், 32 என்றால் 0 தரும். ஒரே புரோகிராம், இரண்டு மெஷின், இரண்டு விடை.

சி மொழியின் தர விதி யார் பக்கமும் பேசவில்லை. தள்ளும் எண் நெகட்டிவாக இருந்தாலோ, பிட் எண்ணிக்கைக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தாலோ, என்ன நடக்கும் என்பதை வரையறுக்கவில்லை என்று கைகழுவிவிட்டது. ஒரு விடையைக் கட்டாயமாக்கினால் மற்ற மெஷினில் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் கூடுதல் வேலை வரும். வேகமாக ஓடட்டும் என்று கம்பைலர் ஆப்டிமைஸ் செய்யும்போது அதே மெஷினிலேயே விடை மாறலாம். அதனால் "எனக்கு 1 வந்தது" என்பதை நம்பி எழுதவே கூடாது.

இதில் மோசமான விஷயம், தவறு கண்ணில் படாது. 1-ம் நம்பர் ஏற்கெனவே வந்திருந்தால் எதுவும் மாறாது. 33-ம் நம்பரின் வருகை மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போகும். கண்டுபிடிக்க `-fsanitize=undefined` என்று சேர்த்து கம்பைல் பண்ணி ஓட்டுங்கள். இப்படிச் சொல்லும்:

```
shift exponent 32 is too large for 32-bit type 'unsigned int'
```

சரிசெய்ய `varugai`-யை மட்டும் `unsigned long long` ஆக்கினால் போதாது. தள்ளப்படும் 1 எந்த வகையோ அதுதான் கணக்கு, விடையை எங்கே வைக்கிறோம் என்பது இல்லை. `1ULL << (n - 1)` என்று எழுதினால் 64 பேர் வரை தாங்கும். அதற்கு முன் `n` 1-லிருந்து 64-க்குள் இருக்கிறதா என்று ஒரு `if` வேண்டும். 0 கொடுத்தால் -1 இடம் தள்ளச் சொன்ன மாதிரி ஆகிவிடும், அதுவும் வரையறையில் இல்லை.

வலப்பக்கம் தள்ளுவதில் சிக்கல் வேறு மாதிரி. -7-ஐ 8 பிட்டில் எழுதினால் 11111001. ஒரு இடம் வலப்பக்கம் தள்ளினால் இடது ஓரத்தில் ஒரு இடம் காலியாகும். அங்கே 1 போட்டால் 11111100, அதாவது -4. 0 போட்டால் 01111100, அதாவது 124! எதைப் போடுவது என்பதை சி மொழி கம்பைலரிடமே விட்டுவிட்டது. ஆனால் இங்கே கைகழுவவில்லை. தான் எதைச் செய்கிறேன் என்று கம்பைலர் எழுதி வைக்க வேண்டும். ஜிசிசி 1 போடுவதாக எழுதி வைத்திருக்கிறது. சி பிளஸ் பிளஸில் 2020 தர விதி இதையே கட்டாயமாக்கிவிட்டது. சி மொழியில் இன்னும் கம்பைலர் இஷ்டம்தான்.

1 போட்டாலும் ஒரு வம்பு உண்டு. `-7 / 2` என்றால் -3. `-7 >> 1` என்றால் -4. வகுத்தல் பூஜ்யத்தை நோக்கிப் போகிறது, ஷிஃப்ட் கீழ்நோக்கிப் போகிறது. பாதி வேண்டும் என்றால் நான் `/ 2` என்றே எழுதுகிறேன். அதை வேகமாக்குவது கம்பைலர் வேலை.