வழக்கம் மீறிய நாளைக் காட்டும் பட்டை

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் தினமும் காலையில் தண்ணீர் மீட்டரைப் பார்த்து, முந்தைய நாள் செலவைக் குறித்துவைக்கிறார்கள் என்று கொள்வோம். எங்காவது குழாய் உடைந்தால் அந்த எண்ணில்தான் முதலில் தெரியும். ஆனால் எந்த அளவைத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும்? ஆண்டு முழுவதற்கும் ஒரே எல்லை வைத்தால், மே மாத வெயிலில் தினமும் எச்சரிக்கை வரும். நவம்பர் மழையில் உண்மையான கசிவுகூட எல்லைக்குள் அடங்கிவிடும். அதனால் எல்லையும் நாளோடு சேர்ந்து நகர வேண்டும். நகரும் சராசரியைச் சுற்றிப் பட்டை போடுவது இதற்காகத்தான்.

கடந்த ஏழு நாள்களின் செலவு 9,800, 10,200, 10,000, 9,900, 10,400, 10,100, 9,600 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 10,000. எண்கள் இந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைத் திட்ட விலக்கம் சொல்லும். இங்கே அது ஏறத்தாழ 265. அதன் மூன்று மடங்கை, அதாவது 794-ஐ, சராசரியோடு கூட்டியும் கழித்தும் பார்த்தால் 9,206 முதல் 10,794 வரை ஒரு பட்டை கிடைக்கிறது. எட்டாம் நாள் மீட்டர் 12,000 காட்டினால் அது பட்டைக்கு வெளியே நிற்கிறது. அந்த நாளைச் சிவப்பில் குறிக்கலாம். எக்செல் போன்ற விரிதாளில், எண்கள் B2-இலிருந்து தொடங்கினால், எட்டாம் நாளுக்கான சோதனை இது:

```
=ABS(B9-AVERAGE(B2:B8))>3*STDEV.S(B2:B8)
```

இதில் கவனிக்க வேண்டியது, சராசரி B8-உடன் நின்றுவிடுகிறது என்பது. சோதிக்கப்படும் நாளை அதன் பட்டையைக் கணக்கிடுவதிலேயே சேர்த்துவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. 12,000-ஐயும் சேர்த்துக் கடைசி ஏழு நாள்களைக் கணக்கிட்டால் சராசரி 10,314 ஆகிறது, திட்ட விலக்கம் 784-க்குத் தாவுகிறது, மேல் எல்லை 12,666-க்குப் போய்விடுகிறது. 12,000 உள்ளே அடங்கி, இயல்பான நாளாகத் தோன்றும். அது 50,000 ஆக இருந்தாலும் இதே கதிதான். ஏழு எண்களில் எந்த ஒன்றும் அவற்றின் சராசரியிலிருந்து 2.27 திட்ட விலக்கத்துக்கு மேல் விலக முடியாது என்பது கணித உண்மை. மூன்று மடங்குப் பட்டை அங்கே ஒருபோதும் எச்சரிக்காது.

சூத்திரத்தைச் சரியாக எழுதினாலும் இதே தொல்லை மறுநாள் திரும்பி வரும். ஒன்பதாம் நாளைச் சோதிக்கும்போது, முந்தைய ஏழு நாள்களில் அந்த 12,000-உம் இருக்கிறது. பட்டை விரிந்து மேல் எல்லை அதே 12,666 ஆகிவிடுகிறது. கசிவு தொடர்ந்து 12,500 லிட்டர் போனாலும் சத்தம் வராது. ஒரு நாள் எச்சரித்துவிட்டு மௌனமாகும் பட்டையைப் பார்த்து, கோளாறு தானே சரியாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

இதற்கு நல்ல மாற்று, சராசரிக்குப் பதிலாக இடைநிலை அளவைக் கொள்வது. அந்த ஏழு எண்களையும் ஏறுவரிசையில் வைத்தால் நடுவில் நிற்பது 10,100. ஒவ்வோர் எண்ணும் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று எழுதி, அந்த விலகல்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது 200. இதை 1.4826-ஆல் பெருக்கினால் திட்ட விலக்கத்துக்கு ஈடான அளவு கிடைக்கும். மூன்று மடங்கு ஏறத்தாழ 890. மேல் எல்லை 10,990-இல் நிற்கிறது, 12,500 தப்பாமல் பிடிபடுகிறது. ஒற்றை எண் எவ்வளவு பெரிதானாலும் நடுவில் நிற்பதை அதனால் பெரிதாக அசைக்க முடியாது.

எத்தனை நாள்களை எடுப்பது என்பதும் முக்கியம். ஏழு எண்களிலிருந்து கணக்கிடும் திட்ட விலக்கம் நிலையற்றது. எந்தக் கோளாறும் இல்லாமலே மாதத்துக்கு ஒரு பொய் எச்சரிக்கை வரக்கூடும். 28 நாள்கள் எடுத்தால் அது ஐந்து மாதத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறையும். 28 என்பது நான்கு முழு வாரம் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளும் சரிசமமாக இடம்பெறும். துணி துவைக்கும் ஞாயிறுகளில் மட்டும் செலவு எகிறும் வீடுகளில், ஞாயிறை முந்தைய ஞாயிறுகளோடு ஒப்பிடுவதே நியாயம்.

பட்டைக்கு அறவே பிடிபடாத கோளாறு ஒன்று உண்டு. கசிவு நாளுக்கு 50 லிட்டர் வீதம் மெல்ல வளர்ந்தால், ஏழு நாள் சராசரியும் பின்னாலேயே ஏறி வரும். இன்றைய எண் அதைவிட 200 லிட்டர் மட்டுமே கூடுதலாக இருக்கும். ஒரு மாதத்தில் தினசரிச் செலவு 1,500 லிட்டர் கூடியிருக்கும், ஆனால் ஒரு நாள்கூடச் சிவப்பாகாது. மாதம் ஒருமுறை, சென்ற ஆண்டின் அதே மாதத்துக் கணக்கையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.