ஆறு சராசரிகளும் பதினைந்து ஒப்பீடுகளும்

சிவப்புக் குளோவர் கால்நடைத் தீவனப் பயிர். அதன் வேர்முடிச்சுகளில் ரைசோபியம் என்ற பாக்டீரியா குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்குப் பிடித்துத் தருகிறது. எந்த பாக்டீரிய ரகம் அதிகம் பிடித்துத் தரும் என்று பார்க்க, எர்ட்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பசுமைக் குடிலில் ஒரு சோதனை நடத்தி 1946-ல் வெளியிட்டார். ஐந்து ரகங்களைத் தனித்தனியாகவும் ஐந்தையும் கலந்த ஒரு கலவையையும் சேர்த்து மொத்தம் ஆறு குழுக்கள். குழுவுக்கு ஐந்து தொட்டிகள். செடி வளர்ந்த பிறகு தொட்டிவாரியாக நைட்ரஜன் எத்தனை மில்லிகிராம் என்று அளந்தார்கள். அந்த முப்பது எண்கள் பிறகு புள்ளியியல் பாடநூல்களில் இடம்பிடித்து, இன்றும் மாணவர்களுக்குப் பயிற்சிக் கணக்காகக் கொடுக்கப்படுகின்றன.

சராசரிகள் இப்படி வந்தன: ரகம் 1-க்கு 28.8, ரகம் 5-க்கு 24.0, ரகம் 7-க்கு 19.9, கலவைக்கு 18.7, ரகம் 4-க்கு 14.6, ரகம் 13-க்கு 13.3. ரகம் 1 முன்னால் நிற்கிறது. ஆனால் ஒரே ரகத்தைப் பெற்ற ஐந்து தொட்டிகளே ஒன்றுபோல் இல்லை. ரகம் 4-ஐப் பெற்றவற்றில் ஒரு தொட்டி 9.1 காட்டியது, இன்னொன்று 19.4 காட்டியது. ஒரே குழுவுக்குள் இவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கும்போது, குழுக்களுக்கு இடையே தெரியும் வித்தியாசத்தை எந்த அளவுக்கு நம்பலாம்?

இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ரொனால்ட் ஃபிஷர் இந்தக் கேள்விக்குத் தந்த விடைதான் மாறுபாட்டுப் பகுப்பாய்வு. ஆய்வகங்களில் ‘அனோவா’ என்பார்கள். குழுக்களைப் பிரிப்பது ரகம் என்ற ஒரே காரணி என்பதால் இது ஒருவழி அனோவா. தொட்டிகள் தம் குழுச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்தால் ‘உள் மாறுபாடு’ கிடைக்கும். குழுச் சராசரிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்தால் ‘இடை மாறுபாடு’ கிடைக்கும். ரகங்களுக்குள் உண்மையில் வித்தியாசமே இல்லையென்றால், உரியபடி சராசரியாக்கிய இந்த இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். குளோவர் கணக்கில் இடை மாறுபாடு 169.4, உள் மாறுபாடு 11.8. இரண்டின் விகிதம் 14.4. இந்த விகிதத்துக்கு ‘எஃப்’ என்று பெயர். ஃபிஷரின் நினைவாக ஸ்னெடெகர் சூட்டியது. ஆறு குழு, முப்பது தொட்டி என்ற அமைப்பில் வெறும் தற்செயலால் இது 2.62-ஐத் தாண்ட நூற்றுக்கு ஐந்து வாய்ப்புதான். 14.4 அதற்கு வெகுதூரம் மேலே இருக்கிறது.

அனோவா சொல்வது அத்துடன் முடிகிறது. எல்லா ரகங்களும் ஒன்றல்ல என்று அது உறுதி சொல்லும். எது எதிலிருந்து வேறு என்று சொல்லாது. அதற்குத்தான் தொடர்சோதனை. முடிவுகள் திசைமாறும் இடமும் இதுவே.

ஆறு சராசரிகளிலிருந்து பதினைந்து ஜோடிகள் எடுக்கலாம். ஒவ்வொரு ஜோடியையும் தனியாக, ஐந்து சதவீதத் தவறுக்கு இடம்விட்டு ஒப்பிட்டால், 4.48 மில்லிகிராமுக்கு மேற்பட்ட எந்த இடைவெளியும் ‘உண்மையான வித்தியாசம்’ ஆகிவிடும். அந்த அளவுகோலில் பதினைந்தில் பதினொரு ஜோடிகள் தேறுகின்றன. ஆனால் பதினைந்து முறை வலை வீசினால் வெறும் தற்செயலும் அதில் சிக்கும். ஆறு ரகங்களும் முற்றிலும் ஒன்றாகவே இருந்தாலும், ஏதாவது ஒரு ஜோடியாவது வேறு என்று தவறாக அறிவிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒன்றாக உயர்ந்துவிடும்.

ஜான் டியூக்கி வகுத்த சோதனை, பதினைந்து ஒப்பீடுகளையும் சேர்த்தே தவறை ஐந்து சதவீதத்துக்குள் அடக்குகிறது. அதற்கு விலையாக அளவுகோல் 6.71 மில்லிகிராமாக உயர்கிறது. பதினொரு ஜோடிகள் ஆறாகக் குறைகின்றன. ரகம் 7-க்கும் ரகம் 13-க்கும் உள்ள இடைவெளி 6.66, மயிரிழையில் தவறுகிறது.

எல்லாரையும் எல்லாரோடும் ஒப்பிட வேண்டியதில்லை, கலவையை அடிப்படையாக வைத்து மற்ற ஐந்தையும் அதோடு மட்டும் பார்த்தால் போதும் என்பவருக்கு டனெட் 1955-ல் தனிச் சோதனை கொடுத்தார். ஒப்பீடுகள் ஐந்துதான் என்பதால் அளவுகோல் 5.86-க்கு இறங்குகிறது. அதன்படி கலவையிலிருந்து வேறுபடுவது ரகம் 1 மட்டும், வித்தியாசம் 10.1 மில்லிகிராம். மருந்து ஆய்வகத்தில் பல மருந்தளவுகளை மருந்தில்லாக் குழுவோடு ஒப்பிடும்போதும் இதே சோதனைதான் பொருந்தும். எந்தக் கேள்வி என்பதை எண்களைப் பார்க்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும். மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டுப் பிடித்த விடையை எடுத்துக்கொண்டால், ஐந்து சதவீதம் என்ற வாக்குறுதிக்கு அர்த்தமே இல்லை.

இவை மூன்றும் ஒரு விஷயத்தைச் சோதிக்காமலே ஏற்றுக்கொள்கின்றன: ஆறு குழுக்களின் உள்சிதறலும் ஒரே அளவு என்பதை. 11.8 என்ற உள் மாறுபாடு ஆறையும் ஒன்றாகக் கலந்து எடுத்த எண். பிரித்துப் பார்த்தால் கதை வேறு. ரகம் 7-இன் தொட்டிகள் 18.6-க்கும் 21.0-க்கும் நடுவே நெருங்கி நிற்கின்றன, திட்டவிலக்கம் 1.1 மட்டுமே. ரகம் 1-இன் தொட்டிகள் 33.0, 32.6, 32.1, 27.0, 19.4, திட்டவிலக்கம் 5.8. பொதுவான சிதறலை எல்லாருக்கும் பொருத்தும்போது, ரகம் 1 தனக்கு உரியதைவிடக் குறைந்த பிழையோடு மதிப்பிடப்படுகிறது. ரகம் 7 தான் செய்யாத சிதறலைச் சுமக்கிறது. ஐந்தைந்து அளவீடுகளில் சிதறல் சமமா என்று சோதிக்கும் முறைகளுக்குக் கண் கூர்மை போதாது. ஒவ்வொரு அளவையும் புள்ளியாக வைத்து வரைந்து பார்ப்பதே நம்பகமான வழி.

சிதறல் சமமில்லாதபோது வெல்ச்சின் அனோவாவும், அதைத் தொடர்ந்து கேம்ஸ், ஹவல் என்ற இருவர் 1976-ல் வெளியிட்ட சோதனையும் உண்டு. இது ஒவ்வொரு ஜோடியையும் அந்த ஜோடியின் சொந்தச் சிதறலைக் கொண்டே எடைபோடுகிறது. குளோவர் எண்களில் இதைப் போட்டால் நான்கு தீர்ப்புகள் தலைகீழாகின்றன, அவற்றில் இரண்டு இவை. டியூக்கி தள்ளிவிட்ட 7-க்கும் 13-க்கும் இடையிலான வித்தியாசம் இப்போது ஐயத்துக்கு இடமின்றித் தேறுகிறது. இரண்டு குழுக்களின் தொட்டிகளும் ஒன்றையொன்று தொடவே இல்லை என்பதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். டியூக்கியும் டனெட்டும் ஏற்றுக்கொண்ட ரகம் 1-இன் வெற்றி, கலவைக்கு எதிராக, தேறவில்லை. ரகம் 1 தரும் அதிகப்படி ஏறக்குறைய −2-லிருந்து 22 மில்லிகிராம் வரை எங்கும் இருக்கலாம் என்றுதான் சொல்ல முடிகிறது. குழுவுக்கு ஐந்தே அளவீடு என்ற நிலையில் இந்தச் சோதனையும் சற்றுத் தாராளமாகவே தேறவிடும் என்பதால், எல்லையை ஒட்டி வரும் தீர்ப்புகளை நம்பிவிடக் கூடாது.

19.4 என்ற அந்தத் தொட்டியை நீக்கிவிட்டால் ரகம் 1 மறுபடி ஜெயிக்கும். அதற்காகவே நீக்குவது தவறு. தொட்டி உடைந்ததா, விதைப் பூச்சு தவறியதா, அளவீட்டுக் குழாய் மாறியதா என்று குறிப்பேட்டில் தடயம் இருந்தால் மட்டுமே நீக்கலாம். இல்லையென்றால் ஐந்தில் ஒரு தொட்டியில் அந்த ரகம் சரியாக வேரைப் பற்றாமல் போகிறது என்பதும் ஒரு கண்டுபிடிப்பாக இருக்கக்கூடும்.

ஆய்வகங்களில் அடிக்கடி நடக்கும் இன்னொரு பிசகு தொட்டிகளை எண்ணுவதில் வருகிறது. ஒரே தொட்டியின் செடியை அரைத்து, அதே சாற்றை ஐந்து முறை அளந்தால் அது ஐந்து மறுமுறை ஆகாது. கருவியின் நடுக்கத்தை மட்டும் காட்டும் ஒரே மறுமுறைதான். அப்படிப்பட்ட எண்களை அனோவாவுக்குள் போட்டால் உள் மாறுபாடு செயற்கையாகச் சுருங்கி எஃப் வீங்கும், இல்லாத வித்தியாசங்கள் வரிசையாகத் தேறும். மறுமுறைகளுக்குள் சிதறல் நம்ப முடியாத அளவு சிறிதாக இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். அப்போது ஒரு தொட்டிக்கு ஒரு சராசரி என்று சுருக்கிக்கொண்டு, தொட்டிகளை வைத்துக் கணக்கிட வேண்டும்.