நிறத்துக்குத் தாராளம், வெளிச்சத்துக்குச் சிக்கனம்

சிறிய கேமராவில் இரவில் எடுத்த படத்தைக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும். குத்துவிளக்கின் அருகே பாட்டி உட்கார்ந்திருக்கிறார். மின்விளக்கை அணைத்துவிட்டு, ஐ.எஸ்.ஓ. 3200 வைத்து, ரா ஃபைலாக எடுத்த படம். சின்ன அளவில் அழகாகத்தான் இருக்கிறது. 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் பின்சுவரில் மஞ்சளும் ஊதாவுமாகத் திட்டுகள் தெரிகின்றன. கன்னத்திலும் சேலையிலும் பொடிப்பொடியான புள்ளிகள். சரி, நாய்ஸைக் குறைப்போம் என்று மென்பொருளில் கையில் கிடைத்த ஸ்லைடரை இழுத்தால் திட்டும் போகிறது, கூடவே பாட்டியின் சுருக்கங்களும் நரைமுடியின் இழைகளும் போய்விடுகின்றன. எஞ்சுவது மெழுகு பொம்மை.

அந்தத் திட்டும் இந்தப் பொடியும் ஒரே இடத்தில் பிறந்தாலும் அவற்றை ஒரே மாதிரி துடைக்கக் கூடாது. திட்டு, நிறத்தில் வரும் நாய்ஸ். பொடி, வெளிச்சத்தில் வரும் நாய்ஸ். முன்னதை நன்றாக அழுத்தித் துடைக்கலாம், பின்னதைத் தொட்டும் தொடாமலும் விட வேண்டும். ஏன் என்பதற்குச் சென்சாருக்குள் கொஞ்சம் போய்ப் பார்க்க வேண்டும்.

‘ஒரு அங்குல’ சென்சார் என்று விற்கிறார்களே, அதன் எந்தப் பக்கமும் ஓர் அங்குலம் கிடையாது. 13.2 மில்லிமீட்டர் நீளம், 8.8 அகலம், அவ்வளவுதான். பழைய வீடியோ கேமராக் குழாய்களின் அளவுக் கணக்கிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த பெயர் அது. 36-க்கு 24 மில்லிமீட்டர் உள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரின் பரப்பில் இது ஏழில் ஒரு பங்குதான் வரும். அதே லென்ஸ் திறப்பு, அதே ஷட்டர் வேகம் என்றாலும் படம் முழுவதற்குமாகக் கிடைக்கும் ஒளியும் ஏழில் ஒரு பங்கு. அந்தக் கொஞ்சத்தை இரண்டு கோடி பிக்சல்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன.

ஒளி துகள்துகளாகத்தான் வந்து விழுகிறது, அதுவும் சீராக விழுவதில்லை. தூறலில் முற்றத்தில் வரிசையாகக் கிண்ணங்களை வைத்தால் எல்லாவற்றிலும் ஒரே எண்ணிக்கையில் துளிகள் விழாது, இல்லையா? அப்படித்தான். சராசரியாக 100 துகள் விழ வேண்டிய பிக்சலில் ஏறத்தாழ 10 கூடவோ குறையவோ விழும். 25 விழ வேண்டிய இடத்தில் 5 கூடவோ குறையவோ. சராசரியின் வர்க்கமூலம்தான் இந்தத் தடுமாற்றத்தின் அளவு. 100-க்கு 10 என்றால் பத்து சதவீதம், 25-க்கு 5 என்றால் இருபது சதவீதம். ஒளி குறையக் குறைய தடுமாற்றத்தின் பங்கு ஏறுகிறது.

இனி நிறம். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாட்டைத்தான் இன்றும் பெரும்பாலான கேமராக்கள் பின்பற்றுகின்றன. ஒவ்வொரு பிக்சலின் மேலும் ஒரு நிற வடிகட்டி இருக்கும். பாதி பிக்சல்கள் பச்சையைப் பார்க்கும், கால்வாசி சிவப்பை, கால்வாசி நீலத்தை. விடுபட்ட நிறங்களை மென்பொருள் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து ஊகித்து நிரப்பும்.

விளக்குச் சுடரின் வெளிச்சத்தில் நீலம் மிகக் குறைவு. பாட்டிக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவரின் இருண்ட பகுதியில் பச்சைப் பிக்சலுக்குச் சராசரியாக 100 துகள், சிவப்புக்கு 64, நீலத்துக்கு 25 கிடைத்தன என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். சுவர் வெள்ளையாகத் தெரிய வேண்டுமானால் மூன்றும் சமமாக வேண்டும். அதற்காக ஒயிட் பேலன்ஸ் சிவப்பை ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலும், நீலத்தை நான்கு மடங்கும் பெருக்குகிறது. இப்போது மூன்றின் சராசரியும் 100. ஆனால் பெருக்கியபோது தடுமாற்றமும் சேர்ந்து பெருகிவிட்டது. பச்சையில் 10, சிவப்பில் 12.5, நீலத்தில் 20. ஒரு பிக்சலில் நீலம் 60-க்கு இறங்கினால் அங்கே சுவர் மஞ்சளிக்கும். 140-க்கு ஏறினால் ஊதா பூக்கும். ஊகித்து நிரப்பும் வேலை இந்தப் பிழையைப் பக்கத்துப் பிக்சல்களுக்கும் இழுத்துப் போவதால் அது புள்ளியாக நிற்காமல் திட்டாகப் பரவுகிறது.

இதே எண்களை வெளிச்சத்தின் பக்கமிருந்து பார்த்தால் கதையே வேறு. நம் கண்ணுக்கு ஒரு பிக்சல் எவ்வளவு பிரகாசம் என்பதைக் கணக்கிடும் பழைய தொலைக்காட்சிச் சூத்திரம் இது:

```
Y = 0.299 R + 0.587 G + 0.114 B
```

நீலத்துக்கு இதில் பதினோரு சதவீதப் பங்குதான். அது 20 ஆடினாலும் பிரகாசத்தில் இரண்டுக்குச் சற்று மேல்தான் அசையும். மூன்று நிறங்களின் தடுமாற்றங்களையும் சேர்த்தால் பிரகாசத்தின் ஆட்டம் சுமார் 7. நீலத்துக்கும் பிரகாசத்துக்கும் உள்ள வித்தியாசம், அதாவது நிறத்தின் ஆட்டம், சுமார் 19. ஒரே சுவர், ஒரே ஒளி. நிறம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு மோசமாகக் கெட்டிருக்கிறது, பிரகாசமோ பரவாயில்லாமல் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மருந்தை ஒரே அளவில் கொடுத்தால், நிறத்துக்குப் போதுகிற அளவு பிரகாசத்தைக் கொன்றுவிடும்.

நல்லவேளையாக, அதிகம் கெட்டுப்போகிற நிறத்தில்தான் கண்ணும் அதிகம் ஏமாறுகிறது. நுணுக்கங்களை நாம் பிரகாச வேறுபாட்டில்தான் பார்க்கிறோம். நிறம் ஓரளவு மங்கி வழிந்தாலும் கண் கண்டுகொள்வதில்லை. அமெரிக்காவில் 1953-இல் வகுத்த வண்ணத் தொலைக்காட்சி முறை இதை நம்பியே செய்யப்பட்டது. கறுப்பு வெள்ளைப் படத்தைக் கூர்மையாக அனுப்பி, அதன்மேல் பூச வேண்டிய நிறத்தை அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான அலைவரிசை அகலத்தில் அடக்கினார்கள். நாம் தினமும் அனுப்பும் ஜேபெக் படங்களில் பெரும்பாலானவையும் நான்கு பிக்சலுக்கு ஒரு நிறத் தகவல்தான் வைத்திருக்கின்றன. யாரும் புகார் சொன்னதில்லை.

ஆகவே வேலை இப்படி நடக்கிறது. மென்பொருள் படத்தைப் பிரகாசம் என ஒரு தளமாகவும், நிறம் என இரண்டு தளங்களாகவும் பிரித்துக்கொள்ளும். நிறத் தளங்களில் பக்கத்துப் பிக்சல்களைத் தாராளமாகக் கலந்து சராசரியாக்கும். பிரகாசத் தளத்தைத் தனியாக, மெதுவாகக் கையாளும். லைட்ரூமில் ஒரு ரா ஃபைலைத் திறந்தாலே இந்தப் பாகுபாட்டைப் பார்க்கலாம். Color ஸ்லைடர் 25-இல் நிற்கும், Luminance பூஜ்யத்தில் நிற்கும். செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது, எது கட்டாயம், எது நம் விருப்பம் என்று.

காசு கொடுக்காமல் செய்ய RawTherapee போதும். பாட்டியின் படத்தை அதில் திறந்து, முதலில் ஒயிட் பேலன்ஸையும் எக்ஸ்போஷரையும் முடித்துவிட வேண்டும். நிழலைத் தூக்கினால் நாய்ஸும் தூக்கிக்கொண்டு வரும் என்பதால் அதற்குப் பிறகு துடைப்பதே சரி. பிறகு Noise Reduction பகுதிக்குப் போய், படத்தை 100 சதவீதத்தில் வைத்து, Luminance ஸ்லைடரைப் பூஜ்யத்திலேயே விட்டுவிட்டு, Chrominance பகுதியில் Automatic global என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். பெரும்பாலான படங்களுக்கு இதுவே போதும். விளக்கு வெளிச்சத்தில் நீலம்தான் வில்லன் என்று பார்த்தோமே, அதனால் இந்தப் படத்தில் சுவரில் மஞ்சள், ஊதாத் திட்டு இன்னும் மிச்சமிருக்கும். Manual-க்கு மாற்றி Blue-Yellow ஸ்லைடரை மட்டும் கூட்டினால் அது அடங்கும். Red-Green பக்கம் கை வைக்கத் தேவையில்லை.

அங்கே கை வைக்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், பாட்டியின் நெற்றிப் பொட்டு. சராசரியாக்கும்போது சுவரின் திட்டு எது, சின்னதாக ஓரிடத்தில் உண்மையாகவே இருக்கும் சிவப்பு எது என்று மென்பொருளுக்கு எப்போதும் பிரித்தறியத் தெரியாது. குங்குமம், மூக்குத்திக் கல், சேலைக் கரையின் மெல்லிய நூல் ஆகியவைதான் முதலில் பலியாகும். பொட்டின் சிவப்பு வெளுத்து, நெற்றித் தோலில் லேசாகச் சிவப்பு கசியும். கண்ணால் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் கண்தான் நிற விஷயத்தில் அலட்சியமானது என்று ஆகிவிட்டதே. கர்சரைப் பொட்டின் நடுவில் வைத்தால் Navigator பகுதியில் a* என்ற எண் தெரியும். சிவப்பு கூடக் கூட அந்த எண் கூடும். துடைப்பதற்கு முன்னும் பின்னும் அதைப் பார்க்க வேண்டும். 45 இருந்தது 43 ஆனால் பாதகமில்லை. 30-க்கு வந்துவிட்டது என்றால் எல்லை தாண்டிவிட்டோம் என்று அர்த்தம், ஸ்லைடரைப் பின்னுக்கு இழுக்க வேண்டியதுதான்.

நிறத்தை முடித்ததும் ஒரு வேடிக்கை நடக்கும். வெளிச்சத்தில் தெரிந்த பொடியும் பாதி குறைந்துவிட்டதுபோலத் தோன்றும். உண்மையில் அதை நாம் தொடவே இல்லை. வண்ணம் போனபின் எஞ்சிய ஒரே நிறப் பொடி, பழைய பிலிம் படங்களில் பார்த்துப் பழகிய சாயலில் இருப்பதால் உறுத்துவதில்லை. இங்கேயே நிறுத்திவிடுவது பல படங்களுக்கு நல்லது என்பது என் கட்சி. நிறுத்த மனமில்லாதவர்கள் Luminance-ஐ 15 அல்லது 20 வரை ஏற்றி, Detail recovery-ஐ 60, 70 என்று உயர்த்தி வைக்கலாம். அப்போது கவனிக்க வேண்டிய இடம் சுவர் அல்ல. சுவர் எப்போதும் வழுவழுப்பாக ஆவதால் அது நம்மை மேலும் மேலும் இழுக்கத் தூண்டும். காதோரத்து நரைமுடியைப் பார்க்க வேண்டும். தனித்தனி இழைகள் ஒட்டிக்கொண்டு பட்டையாகத் தெரியத் தொடங்கிய நொடியில் போதும்.

அச்சுக்குப் போகும் படமென்றால் இன்னும் குறைவாகவே போதும். 6-க்கு 4 அங்குலத் தாளில் 300 டிபிஐ அளவில் அச்சிட 1800-க்கு 1200 பிக்சல், சுமார் 22 லட்சம் போதும். இரண்டு கோடிப் பிக்சல் படத்தைச் சுருக்கும்போது ஒன்பது பிக்சல் சேர்ந்து ஒன்றாவதால், பொடியின் ஆட்டம் தானாகவே மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கமாக இறங்கிவிடும். நிறத் திட்டுக்கு இந்தச் சலுகை அவ்வளவாகக் கிடைக்காது. அது பல பிக்சல்களுக்குப் பரந்து கிடப்பதால் ஒன்பதைச் சேர்த்தாலும் ஒன்பதும் ஒரே பக்கமாகத்தான் தவறியிருக்கும். சிறிய பிரிண்டில் பொடி காணாமல் போய்த் திட்டு மட்டும் பல்லிளிப்பது இதனால்தான்.

ஒன்று மட்டும் இந்த ஸ்லைடர்களால் ஆகாது. பாட்டியின் பின்னால் கதவிடுக்கின் கும்மிருட்டு முழுவதும், திட்டுத்திட்டாக இல்லாமல், ஒரே சீராக ஊதா படர்ந்திருந்தால் அது நாய்ஸே அல்ல. கேமரா எந்த எண்ணைச் சுத்தக் கறுப்பு என்று கொள்கிறதோ, அதில் சிறு பிசகு. எவ்வளவு சராசரியாக்கினாலும் ஊதாவின் சராசரி ஊதாதான். Raw பகுதியில் Raw Black Points என்று இருக்கும். அங்கே சிவப்பு, நீலத்துக்கான கறுப்பு எண்ணை ஓரிரண்டு கூட்டினால் அந்த ஊதா வடிந்து, இடுக்கு கறுப்பாகிவிடும்.