வர்க்கலா குன்றில் விளிம்பை நம்பாதீர்கள்

நாகர்கோவில் பக்கமிருந்து ரயிலேறி வர்க்கலாவுக்குப் போகிறவர்கள் ஏராளம். பாபநாசம் கடற்கரையை ஒட்டிய செங்குன்றின் மேல் கடலைப் பார்த்தபடி நடக்கத்தான் அந்தப் பயணம். அந்தக் குன்று பார்க்கத்தான் பாறை. மேலே செம்புரைக்கல், அடியில் எளிதில் உதிரும் மணற்கல்லும் களிமண்ணும். புரைகள் வழியே இறங்கும் மழைநீர் களிமண்ணைத் தாண்ட முடியாமல் பக்கவாட்டில் ஊற்றாகக் கசிகிறது. கசிவோடு மணலும் போவதால் அடியில் குடைவு விழுந்து, மேற்பகுதி திண்ணைபோல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிறது.

மேலே நடப்பவருக்குக் குடைவு தெரியாது, விரிசல் தெரியும். விளிம்புக்கு இணையாக ஓடும் கோடு, சாய்ந்துபோன வேலிக்கால், புதிதாகத் தெரியும் சிவந்த மண் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உள்பக்கம் விலகிவிடுங்கள். செல்ஃபிக்காக வேலியைத் தாண்டுகிறவர் நிற்பது பெரும்பாலும் அந்தத் திண்ணையின் மேல்தான்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை போகிறீர்கள், முந்தின இரவு நல்ல மழை என்று வைத்துக்கொள்வோம். காலையில் வெயில் அடித்தாலும் உள்ளே இறங்கிய நீர் இன்னும் கசிந்துகொண்டிருக்கும். அன்று தளம் போட்ட பாதையோடு நிறுத்திக்கொள்வதே சரி. வடக்கே நீளும் மண்தடம் வேண்டாம். குன்றின் அடிவாரத்தில் துண்டு விரித்து உட்காரவே வேண்டாம், சரியும் மண் அங்கேதான் விழும். டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை நடைக்கு நல்ல காலம். ஏப்ரல், மே மாதங்களில் மழையும் காற்றும் இல்லாமலே திடீரென எழும் கள்ளக்கடல் அடிவாரம் வரை ஏறிவிடும். இன்காய்ஸ் நிறுவனம் அலை எச்சரிக்கை விடுத்திருந்தால் மணலில் இறங்காதீர்கள்.

மாலை நடையை நாலரைக்கே தொடங்குங்கள். சூரிய அஸ்தமனத்தை ஏதாவது கடை வாசலில் நின்று பாருங்கள், தடத்தின் கோடியில் அல்ல. இருட்டில் திரும்பும்போதுதான் விளிம்பு எது, நிழல் எது என்று தெரியாமல் போகும்.

ஹவாய் செருப்பு இங்கே ஆகாது. செம்புரைக்கல்லின் உருண்டைச் சரளை காலடியில் உருளும். நனைந்த களிமண் வழுக்கும். குதிகாலைப் பிடிக்கும் வாரும், அடியில் ஆழமான வரிகளும் உள்ள செருப்போ ஷூவோ போதும். வரிகள் தேய்ந்திருந்தால் விலை எவ்வளவானாலும் பயனில்லை.

யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே இறங்காதீர்கள். 112-ஐ அழையுங்கள், கடலில் விழுந்திருந்தால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணும் உண்டு. உடைந்த வேலியையோ புது விரிசலையோ கண்டால் இடம் தெரியும்படி படமெடுத்து, வர்க்கலா நகராட்சிக்கும் திருவனந்தபுரம் மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்தில் அனுப்புங்கள். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் ஆட்சியர்தான். பதில் வராவிட்டால், எடுத்த நடவடிக்கை என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.