வழிகாட்டிக்கு எழுதும் நன்றி: புகழுரையிலிருந்து உண்மைக்கு

வேலையிலோ படிப்பிலோ வழிகாட்டியவருக்கு எழுதும் நன்றிச் செய்தி பல நேரங்களில் வெறும் புகழுரையாகவே முடிந்துவிடுகிறது. எழுதுபவரின் நெகிழ்ச்சி உண்மையானதுதான். ஆனால் அதைச் சொல்ல உட்கார்ந்ததும், பாராட்டு விழா மேடைகளிலும் வாழ்த்துச் சுவரொட்டிகளிலும் புழங்கிப் பழகிய சொற்களே முதலில் வந்து நிற்கின்றன. அத்தகைய செய்தி ஒன்றைப் படிப்படியாகத் திருத்தி எழுதுவது எப்படி என்பதை ஒரு மாதிரி நிகழ்வைக் கொண்டு பார்க்கலாம்.

கட்டுமான நிறுவனம் ஒன்றில் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்த ஒரு பெண், மூத்த சைட் இன்ஜினியர் ஒருவரிடம் இரண்டு ஆண்டுகள் வேலை கற்றுக்கொள்கிறார். பிறகு வேறு நிறுவனத்துக்குப் போய், அங்கே ஒரு சைட்டுக்குப் பொறுப்பேற்கிறார். பழைய வழிகாட்டிக்கு அவர் எழுதும் முதல் வரைவு இப்படி இருக்கிறது:

"வணக்கம் சார். நீங்கள் எனக்குக் கடவுள் மாதிரி. உங்களைப் போல ஒரு மனிதரை என் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை. நீங்கள் இல்லையென்றால் இன்று நான் இல்லை. என் வாழ்க்கையையே மாற்றிவிட்டீர்கள். இந்த ஜென்மத்தில் உங்கள் கடனைத் தீர்க்க முடியாது. என்றென்றும் உங்களை மறக்க மாட்டேன். கோடானுகோடி நன்றிகள் சார்!"

இதில் பொய் எதுவும் இல்லை. மரியாதைக்கும் குறைவில்லை. ஆனாலும் 'சார்' என்ற ஒரு சொல்லை மாற்றிவிட்டால், இதே செய்தியைப் பள்ளி ஆசிரியருக்கும் அனுப்பலாம், வீட்டுக் கடன் வாங்க உதவிய வங்கி மேலாளருக்கும் அனுப்பலாம். புகழுரையை இனம் காண எளிய சோதனை இதுதான்: செய்தியில் இருப்பவை அந்த ஒருவருக்கு மட்டும் பொருந்துகின்றனவா, யாருக்கும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். இந்த வரைவைப் படிக்கும் மூத்த பொறியாளருக்குத் தான் என்ன செய்தோம் என்பது தெரியவராது. அவர் இரண்டு ஆண்டுகளில் நூறு விஷயங்கள் சொல்லியிருப்பார். அவற்றில் எது நின்றது, எது காற்றோடு போனது என்பதை இந்தச் செய்தி சொல்லவில்லை.

இரண்டாவது குறை, பெறுபவரை இது வைக்கும் இடம். 'கடவுள் மாதிரி' என்று ஒருவர் எழுதினால், அதை ஆமோதித்துப் பதில் எழுத யாராலும் முடியாது. "அதெல்லாம் ஒன்றும் இல்லைம்மா" என்று மறுப்பதுதான் அவருக்கு இருக்கும் ஒரே வழி. நன்றி சொல்லப்போய், அவர் அதை மறுக்கும்படி செய்துவிடுகிறோம். மூன்றாவது குறை, 'நீங்கள் இல்லையென்றால் நான் இல்லை' என்ற வரியில் இருக்கிறது. அது எழுதுபவரின் உழைப்பைத் துடைத்துவிடுகிறது. அந்த உழைப்பை வளர்க்கத்தான் வழிகாட்டி அத்தனை நாளும் பாடுபட்டார்.

திருத்தத்தின் முதல் படியில் சொற்களைத் தொட வேண்டியதில்லை. வேண்டியது நினைவைக் கிளறுவது. எழுதுபவர் தனக்குத்தானே நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். அவர் செய்தவற்றில் ஒரு குறிப்பிட்ட நாளோடு சேர்ந்து நினைவுக்கு வருவது எது? அன்று அவர் சரியாக என்ன சொன்னார் அல்லது செய்தார்? அதைச் செய்ய அவர் நேரத்தையோ பொறுமையையோ எவ்வளவு செலவிட வேண்டியிருந்தது? அதனால் என் வேலையில் இன்றுவரை நிற்கும் மாற்றம் என்ன? இந்த நான்குக்கும் விடை தரக்கூடிய ஒரு நிகழ்வு கிடைத்துவிட்டால் செய்திக்கு அதுவே போதும்.

இளம் பொறியாளருக்கு அப்படி நினைவுக்கு வருவது ஒரு பால்கனி ஸ்லாப். ஒரு பக்கம் மட்டும் கட்டடத்தோடு பிணைந்து, மறுபக்கம் தாங்கல் இல்லாமல் நீண்டு நிற்கும் இத்தகைய ஸ்லாபில், இழுவிசை மேற்பரப்பில்தான் விழுகிறது. கான்கிரீட் இழுவிசையைத் தாங்காது. கம்பிதான் தாங்க வேண்டும். அதனால் முக்கியக் கம்பிகள் ஸ்லாபின் மேல்பகுதியில் இருந்தாக வேண்டும். அவற்றை உயரத்தில் நிறுத்தி வைக்க, 'சேர்' எனப்படும் வளைத்த கம்பித் துண்டுகளைக் கீழே வைத்துக் கட்டுவார்கள். சேர் போதாமல் போனால், வேலையாட்கள் நடக்க நடக்கக் கம்பி கீழே அமுங்கிவிடும். மேலிருந்து பார்ப்பவருக்குக் கம்பி முறையாகக் கட்டியிருப்பது போலவே தெரியும். அந்த நிலையில் கான்கிரீட் போட்டால், பிறகு சென்ட்ரிங்கைப் பிரிக்கும்போது பால்கனி விரிசல் விடலாம், இடிந்தும் விழலாம்.

அன்று கம்பி அப்படித்தான் அமுங்கியிருந்தது. பயிற்சிப் பொறியாளர் அதைக் கவனிக்கவில்லை. ரெடிமிக்ஸ் லாரி வாசலில் வந்து நின்றுவிட்டது. மூத்தவர் டேப்பை வைத்து அளந்து பார்த்தார். லாரியை நிறுத்திவைக்கச் சொன்னார். பிறகு, "இந்தக் கம்பி ஏன்மா மேலேயே இருக்கணும்?" என்று கேட்டு, ஸ்லாப் எந்தப் பக்கம் வளையும் என்பதை சைட் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவரையே வரையச் சொன்னார். கான்ட்ராக்டர் அவசரப்படுத்தியும், அவர் வரைந்து முடிக்கும்வரை பொறுத்தார். அதற்குப் பிறகே சேர் கூட்டிக் கட்டப்பட்டு வேலை தொடர்ந்தது.

இவ்வளவும் நினைவுக்கு வந்ததும் எழுதும் இரண்டாவது வரைவில் வேறொரு ஆபத்து காத்திருக்கிறது. பால்கனியோடு நிற்காமல், தூண் செங்குத்து பார்க்கக் கற்றுத் தந்தது, அளவுப் புத்தகம் எழுதச் சொன்னது, விடுப்பு கொடுத்தது என்று எல்லாவற்றையும் சேர்க்கத் தோன்றும். அப்போது செய்தி ஒரு பட்டியலாகி, வேலை அறிக்கை போல வறண்டுவிடும். ஒன்றை முழுதாகச் சொன்னால் மற்றவற்றைப் படிப்பவர் தாமாகவே நினைத்துக்கொள்வார். அதேபோல் ஸ்லாபின் இயக்கவியலை வழிகாட்டிக்கே விளக்க வேண்டியதில்லை. அவருக்குத் தெரியாதது, அந்த நாள் எதிராளியின் மனதில் என்ன செய்தது என்பது மட்டும்தான்.

மூன்றாவது வரைவு இப்படி அமைகிறது:

"வணக்கம் சார். நலமாக இருக்கிறீர்களா? போன வாரம் எங்கள் சைட்டில் பால்கனி ஸ்லாப் போட்டோம். லாரி வருவதற்கு முன்னால், என்னிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் பையனைக் கூப்பிட்டு, 'இந்தக் கம்பி ஏன் மேலேயே இருக்கணும்?' என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது உங்கள் கேள்வி என்று உறைத்தது.

அன்றைக்குக் கம்பி அமுங்கியிருந்ததை நான் கவனிக்கவில்லை. நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம். நீங்களே சரிசெய்துவிட்டுப் போயிருக்கவும் செய்யலாம். லாரியை நிறுத்திவைத்துவிட்டு என்னை வரையச் சொன்னீர்கள். எல்லோரும் அவசரப்படுத்தியபோதும் நான் முடிக்கும்வரை காத்திருந்தீர்கள். அதற்குப் பிறகு டேப் வைத்து அளக்காமல் எந்த ஸ்லாபுக்கும் நான் கான்கிரீட் போடச் சொன்னதில்லை. அந்தப் பையனையும் வரையத்தான் சொன்னேன். மிக்க நன்றி சார்."

இந்தச் செய்தியில் பெரிய சொல் ஒன்றுகூட இல்லை. 'பொறுமைசாலி', 'சிறந்த ஆசான்' போன்ற அடைமொழிகளும் இல்லை. லாரி நிற்க, மற்றவர்கள் அவசரப்படுத்த, ஒருவர் காத்திருந்தார் என்னும்போது பொறுமை தானாகவே தெரிகிறது. 'என்றென்றும் மறக்க மாட்டேன்' என்ற வாக்குறுதியின் இடத்தில் இப்போது ஒரு சான்று இருக்கிறது: அவருடைய கேள்வி வேறொரு சைட்டில், வேறொருவரிடம் கேட்கப்பட்டிருக்கிறது. 'திட்டியிருக்கலாம்' என்ற வரியும் முக்கியமானது. அவர் செய்யாமல் விட்டதையும் கவனித்திருப்பதை அது காட்டுகிறது.

எழுதுபவரின் பயனை மட்டும் சொல்லும் நன்றிக்கும், செய்தவரின் செயலைச் சொல்லும் நன்றிக்கும் வேறுபாடு உண்டு என்பதை உளவியல் ஆய்வும் காட்டியிருக்கிறது. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சாரா அல்கோவும் சக ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், இணையர்கள் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லும் விதம் கவனிக்கப்பட்டது. தனக்குக் கிடைத்த நன்மையைச் சொன்ன பேச்சைவிட, எதிரில் இருப்பவர் செய்ததைப் பாராட்டிய பேச்சே கேட்டவரின் மகிழ்ச்சியோடு தொடர்புள்ளதாகத் தெரிந்தது. மேலே உள்ள முதல் வரைவில் பெரும்பகுதி 'என் வாழ்க்கை', 'நான் இல்லை' என்று எழுதுபவரைச் சுற்றியே வருகிறது. கடைசி வரைவின் மையத்தில் 'நிறுத்திவைத்து', 'சொன்னீர்கள்', 'காத்திருந்தீர்கள்' என்ற வினைகள் இருக்கின்றன.

இத்தகைய நன்றிக்கு இலக்கிய வரலாற்றிலும் ஒரு முன்மாதிரி உண்டு. 1957இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஆல்பர் காம்யு, அந்த ஆண்டு நவம்பர் 19 அன்று லூயி ஜெர்மென் என்பவருக்குச் சிறிய கடிதம் ஒன்று எழுதினார். ஜெர்மென் அல்ஜியர்ஸில் அவருடைய தொடக்கப் பள்ளி ஆசிரியர். தந்தையை முதல் உலகப் போரில் இழந்து வறுமையில் வளர்ந்த மாணவனை, மேல்நிலைப் பள்ளிக்கான உதவித்தொகைத் தேர்வுக்குத் தயார் செய்தவர். பரிசுச் செய்தி வந்ததும் தன் தாய்க்கு அடுத்தபடியாக நினைத்தது அவரைத்தான் என்று காம்யு எழுதினார். ஏழைச் சிறுவனாக இருந்த தனக்கு அவர் நீட்டிய கையையும் அவருடைய கற்பித்தலையும் நினைவுகூர்ந்தார். அவற்றின் பயன் ஒரு பழைய மாணவனிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதையும் தெரிவித்தார். பரிசின் பெருமையை அவர் பெரிதுபடுத்தவில்லை. அதை நன்றி சொல்லக் கிடைத்த வாய்ப்பாகவே எடுத்துக்கொண்டார்.

அனுப்புவதற்கு முன் சிலவற்றைச் சரிபார்க்க வேண்டும். நன்றியோடு பரிந்துரைக் கடிதமோ வேலையோ கேட்டால், அதற்கு மேலே எழுதிய அத்தனையும் முன்னுரையாகச் சுருங்கிவிடும். கோரிக்கை இருந்தால் அதை வேறொரு நாள் தனியாக எழுத வேண்டும். ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்தக் கூடாது. 'அங்கே வேறு யாரும் கற்றுத் தரவில்லை' என்ற வரி பெறுபவரைச் சங்கடப்படுத்தும். பலர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடுவதானால், கான்ட்ராக்டர் அவசரப்படுத்தியது போன்ற செய்திகள் அவருக்குத் தொல்லை தரலாம். ஆகவே தனிச் செய்தியாக அனுப்புவதே நல்லது. ஒருவர் உண்மையாகவே வழிகாட்டியைத் தெய்வமாக நினைத்தால், அதையும் விலக்க வேண்டியதில்லை. நிகழ்வைச் சொல்லி முடித்த பிறகு ஒருமுறை சொன்னால், அதற்கான காரணம் முன்னால் இருப்பதால் அந்தச் சொல்லுக்கு எடை வரும்.

சொற்கள் சரியாக அமையவில்லையே என்ற தயக்கத்தில் அனுப்பாமல் விடுபவர்களும் உண்டு. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தயக்கத்தைப் பற்றியது. நன்றிக் கடிதம் எழுதியவர்கள், அது பெறுபவருக்கு எவ்வளவு வியப்பும் மகிழ்ச்சியும் தரும் என்பதைக் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். சங்கடமாக உணர்வார் என்பதை மிகையாக நினைத்திருந்தார்கள். எழுதுபவர் தன் எழுத்துத் திறமையைப் பற்றிக் கவலைப்பட்டபோது, படித்தவர் அதிலிருந்த அன்பையே பார்த்தார்.

கற்றுத் தந்தவற்றில் எது பிழைத்தது என்று வழிகாட்டிக்குச் சொல்லக்கூடியவர் கற்றுக்கொண்டவர் மட்டுமே. அதைச் சொல்லிவிட்ட நன்றி, எவ்வளவு எளிய சொற்களில் இருந்தாலும் முழுமையான நன்றி.